ஞாயிற்றுக்கிழமை திரும்பிப்போன ஆட்டோபே: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றின் கிரெடிட் கார்டு கணக்கு

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணவன், மனைவி, கூட நான்கைந்து கைவேலைக்காரர்கள். வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார், இவர்கள் கொலுசாக்கித் தருவார்கள், எடைக்கு ஏற்பக் கூலி வரும். கூலி பெரும்பாலும் காசோலையாகத்தான் வரும், அதுவும் மாதத்தின் முதல் வாரத்தில். அவர்களுடைய கணக்கு வழக்கை நான் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்த நிகழ்வை இருவரின் சம்மதத்தோடு, பெயர்களும் வங்கிகளும் இல்லாமல் எழுதுகிறேன். தொகைகள் அவர்களுடைய ஸ்டேட்மென்டில் உள்ளபடியே இருக்கின்றன.

சேமிப்புக் கணக்கு ஒரு வங்கியில், கிரெடிட் கார்டு வேறொரு வங்கியில். இரண்டையும் இணைத்தது ஒரு நாச் மேண்டேட், நாம் ஆட்டோபே என்று சொல்வதில் ஒரு வகை. நாச் என்பது ஒரு வங்கியின் கணக்கிலிருந்து இன்னொரு வங்கி தவணைப் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் பொது முறை. மாதாமாதம் கார்டு பில் முழுவதையும் டியூ தேதியன்று சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. கார்டு வங்கியின் தளத்தில் விண்ணப்பித்து, சேமிப்பு வங்கியின் டெபிட் கார்டு எண்ணையும் ஓடிபியையும் போட்டு அதைப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்றரை வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, பில் தேதியையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

2025 செப்டம்பர் 16 அன்று வந்த பில் வழக்கத்தைவிடப் பெரியது. தீபாவளிக்கு முன் மெருகு போடும் இயந்திரம் ஒன்றை 48,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார்கள். பெட்டிகள், பைகள் போன்ற பேக்கிங் சாமான் 21,600. வீட்டுச் செலவு 15,000. மொத்தம் ரூ. 84,600. குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் டியூ ரூ. 4,230. கட்ட வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 5, ஞாயிறு.

அந்த வார இறுதியில் நடந்தது

அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமி. பூஜைச் செலவும் வேலையாட்களுக்குக் கொடுத்த முன்பணமும் ரொக்கமாகப் போயின. கணக்கில் ரூ. 31,450 மிஞ்சியது. 4ஆம் தேதி சனிக்கிழமை வியாபாரி 1,20,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். பட்டறைக்காரர் அன்று மதியமே கிளைக்குப் போய் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் வங்கி ஆப்பைத் திறந்து பார்த்தபோது மொத்த இருப்பு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே காட்டியது. சரி, நாளைக்கு பில் போய்விடும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு காலையில் மேண்டேட் வந்தது. சேமிப்பு வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. முற்பகலில் அவருக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அவர் அதைப் பார்த்தும் இருக்கிறார். பணம்தான் இருக்கிறதே, வங்கி விடுமுறை என்பதால் திரும்பியிருக்கும், திங்கள் அன்று மறுபடி எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு முழுக்கத் தவறு என்றாலும் இயல்பானது. ஞாயிறு வங்கி மூடியிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பழகிய கணக்கு.

திங்கள் காலை கார்டு வங்கியிடமிருந்து, பணம் வரவில்லை என்று தனியாக ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்த மனைவி என்னை அழைத்தார்.

"அண்ணா, ஆப்ல பணம் இருக்குன்னுதாங்க காட்டுச்சு. அப்புறம் ஏன் எடுக்கலை? புது டெபிட் கார்டு வந்துச்சே, அதனாலயா இருக்குமோ?"

முதல் சந்தேகமும் உண்மைக் காரணமும்

டெபிட் கார்டு மீதான சந்தேகம் நியாயமானதுதான். ஆகஸ்ட்டில் பழைய கார்டு காலாவதியாகிப் புதியது வந்திருந்தது. ஆட்டோபே என்று நாம் பொதுவாகச் சொல்வதில் சில வகைகள் உண்டு. ஓடிடி சந்தா போல கார்டு எண்ணின் மேலேயே பதிவாகும் மேண்டேட் ஒன்று. அதில் கார்டு மாறினால் அனுமதியும் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. இவர்களுடையது அந்த வகை இல்லை. நாச் மேண்டேட்டைப் பதிவு செய்யும்போது டெபிட் கார்டு எண்ணைக் கேட்பது, இந்தக் கணக்கு உங்களுடையதுதானா என்று ஒருமுறை உறுதிப்படுத்த மட்டுமே. பதிவான பிறகு அது வங்கிக் கணக்கு எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. கார்டு மாறினாலும் தொலைந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் சரிபார்த்தோம். சேமிப்பு வங்கியின் நெட்பேங்கிங்கில் மேண்டேட் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். யு.எம்.ஆர்.என். என்ற நீளமான பதிவு எண்ணோடு இவர்களுடைய மேண்டேட் அங்கே நடப்பில் இருப்பதாகவே காட்டியது. அதிகபட்சத் தொகை ஒரு லட்சம். எனவே பில் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற காரணமும் அடிபட்டுப்போனது. கே.ஒய்.சி. நிலுவையில் இருந்தால் சில நேரம் கணக்கில் பணம் வரலாம், வெளியே போக முடியாது என்று தடை இருக்கும். பத்து ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பிப் பார்த்தோம், போனது. அந்தப் பத்து ரூபாயை மகனுக்கே அனுப்பியதால் அதுவும் வீண்போகவில்லை.

மிஞ்சியது ஒன்றுதான். கார்டு வங்கியின் உதவி எண்ணில் கேட்டபோது, மேண்டேட் திரும்பியதற்கான காரணம் Balance Insufficient என்று பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். போதிய இருப்பு இல்லை.

ஆப்பில் பணம் இருந்ததே என்றால், திரையில் தெரிந்தது இரண்டு எண்கள். மேலே பெரிய எழுத்தில் மொத்த இருப்பு. அதற்குள் போய்ப் பார்த்தால் Available Balance என்று இன்னொரு வரி. முதலாவதில் காசோலையின் 1,20,000 சேர்ந்திருந்தது. அது கிளையில் பதிவாகிவிட்டதே தவிர, எழுதிக்கொடுத்தவரின் வங்கியிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. எடுக்கக்கூடிய பணம் 31,450 மட்டுமே. மேண்டேட் பார்ப்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் இயங்குகிறது. ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்றெல்லாம் அது நிற்பதில்லை. முன்பு ஞாயிறன்று வரும் தவணை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும், இப்போது அந்த நாளிலேயே கணக்கைத் தட்டும். காசோலை அப்படி இல்லை. கிளியரிங் வேலைநாளில்தான் நடக்கும். ஆக, சனி மதியத்துக்கும் திங்கள் காலைக்கும் இடையில் கணக்கிலிருந்து பணம் வெளியே போக வழி திறந்திருக்கிறது, காசோலைப் பணம் உள்ளே வர வழி இல்லை.

இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. காசோலைகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பாமல் நாள் முழுக்கத் தொடர்ந்து கிளியர் செய்யும் புதிய முறையை ரிசர்வ் வங்கி தொடங்கிய நாளே அந்த 2025 அக்டோபர் 4. சில மணி நேரத்தில் பணம் வந்துவிடும் என்று செய்திகளில் படித்திருந்ததால்தான் பட்டறைக்காரர் அவ்வளவு நிம்மதியாக இருந்தார். தொடக்க நாட்களில் பல இடங்களில் தாமதம் என்று புகார்கள் எழுந்தன. இவர்களுடைய காசோலைப் பணம் 7ஆம் தேதி செவ்வாய் காலையில்தான் வந்தது. புதிய முறையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பழைய முறையாக இருந்தாலும் சனிக்கிழமை கொடுத்த காசோலை ஞாயிறு காலைக்குள் வந்திருக்காது.

இருந்த பணத்தையாவது ஏன் எடுக்கவில்லை

மனைவி கேட்ட அடுத்த கேள்வி இது. நல்ல கேள்வி. கணக்கில் 31,450 இருந்தது. மினிமம் டியூ வெறும் 4,230. அதையாவது எடுத்திருந்தால் தாமதக் கட்டணம் என்ற பேச்சே வந்திருக்காதே.

நாச் முறையில் பாதி எடுப்பது என்று ஒன்று கிடையாது. கார்டு வங்கி 84,600 கேட்கிறது என்றால் சேமிப்பு வங்கி 84,600 கொடுக்கும், அல்லது ஒன்றும் கொடுக்காமல் திருப்பி அனுப்பும். நூறு ரூபாய் குறைந்தாலும் முழுத் தொகையும் திரும்பும். பதிவு செய்யும்போது 'முழு பில்' அல்லது 'மினிமம் டியூ' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இவர்கள் முழு பில்லைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பொதுவாக அதுதான் சரியான தேர்வு, ஏனென்றால் மினிமம் டியூ மட்டும் போனால் மீதிக்கு வட்டி ஓடும். ஆனால் பெரிய பில் வரும் மாதத்தில் இந்தத் தேர்வுக்கு ஒரு விலை இருக்கிறது. ஒன்று முழுவதும் நடக்கும், இல்லையென்றால் மினிமம் டியூகூடக் கட்டப்படாமல் போகும்.

திங்கட்கிழமை எடுத்த முடிவுகள்

மேண்டேட் தோற்றதால் டியூ தேதி நகராது. மேண்டேட் என்பது பணம் எடுக்க நாம் கொடுக்கும் அனுமதி, பணம் கட்டியதாக ஆகாது. 5ஆம் தேதி நள்ளிரவோடு பில் தாமதமாகிவிட்டது. அது எந்த வங்கியின் காரணத்தால் என்ற கேள்விக்கு இந்த இடத்தில் மதிப்பில்லை.

ஆனால் தாமதக் கட்டணத்துக்கு ஒரு சிறு இடைவெளி உண்டு. கிரெடிட் கார்டுகள் பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, டியூ தேதிக்குப் பிறகு மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை நீடித்தால்தான் வங்கி தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிக்கலாம். நான்காவது நாளும் கட்டவில்லை என்றால் நாள்கணக்கு மட்டும் பழைய டியூ தேதியிலிருந்தே தொடங்கும். அதாவது இந்த மூன்று நாள் டியூ தேதியை 8ஆம் தேதிக்குத் தள்ளிவைப்பதில்லை. 8ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் இரண்டு விளைவுகள் வராது, அவ்வளவே. வட்டியைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை. பின்னால் வரும் கதை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

காசோலை எப்போது வரும் என்று திங்களன்று கிளையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 8ஆம் தேதியைத் தாண்டினாலும் தாண்டலாம். எனவே அதற்காகக் காத்திருக்காமல், இருக்கும் பணத்தில் மினிமம் டியூவுக்கு மேல் ஒரு தொகையை உடனே கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். மேண்டேட் திரும்பியதற்காகச் சேமிப்பு வங்கி 500 ரூபாயும் அதன்மேல் 90 ரூபாய் ஜிஎஸ்டியும் ஏற்கெனவே எடுத்திருந்தது. யுபிஐயில் அனுப்பிப் பார்த்த பத்து ரூபாயும் போக மீதி 30,850. குறைந்தபட்ச இருப்பாக 10,000 வைக்க வேண்டிய கணக்கு. 20,000 கட்டினோம்.

எந்த வழியாகக் கட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. கார்டு பில் கட்டும் சில வழிகளில் பணம் நம் கணக்கிலிருந்து உடனே போய்விடும், ஆனால் கார்டில் வரவாக ஒன்றிரண்டு வேலைநாள் ஆகும். மூன்று நாள் இடைவெளியில் அது ஆபத்து. கார்டு வங்கியின் சொந்த ஆப்பிலேயே கட்டினோம். சில நிமிடங்களில் வரவுச் செய்தி வந்தது. அந்தத் திரையைத் தேதி, பரிவர்த்தனை எண்ணோடு சேமித்து வைத்தோம். பிறகு அதுதான் கைகொடுத்தது.

மீதி 64,600க்குக் கைமாற்று வாங்கலாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். டியூ தேதி தாண்டியாகிவிட்டது. இனி அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி சுமார் 74 ரூபாய், ஜிஎஸ்டியோடு 88. காசோலைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் காத்திருப்பது பெரிய செலவில்லை. ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு என்னைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அம்மாப்பேட்டையில் இருக்கும் தம்பியிடம் 54,000 ரூபாய் யுபிஐயில் வாங்கியாவது முழுவதையும் கட்டச் சொல்லியிருப்பேன். ஏன் என்பது வட்டிக் கணக்கில் தெரியும்.

இன்னொன்றையும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். திரும்பிய மேண்டேட்டைக் கார்டு வங்கி அதே மாதத்தில் மறுபடி அனுப்புமா? கடன் தவணைகளில் பல நிறுவனங்கள் சில நாள் கழித்து மறுபடி அனுப்புவார்கள். நாம் கையால் கட்டிய பிறகு அது வந்தால் இரட்டைப் பிடித்தம் ஆகும், அல்லது இருப்பு இல்லாமல் இன்னொரு முறை திரும்பி இன்னொரு 590 போகும். இந்தக் கார்டு வங்கி, அந்த மாதத்துக்கு மறுபடி அனுப்ப மாட்டோம், அடுத்த பில்லுக்குத்தான் என்றது. செவ்வாய் காலை காசோலை வந்ததும் மீதி 64,600 கட்டி முடித்தார்கள். டியூ தேதி கழிந்து இரண்டாம் நாள்.

அடுத்த ஸ்டேட்மென்ட்

அக்டோபர் 16 பில்லில் புதிதாக வாங்கியது ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் கார்டைத் தொடவில்லை. ஆனாலும் கட்ட வேண்டிய தொகை ரூ. 7,889.80. மேண்டேட் திரும்பியதற்குக் கார்டு வங்கியின் கட்டணம் பில் தொகையில் 2 சதவீதம், அதாவது 1,692. தாமதக் கட்டணம் 1,200. வட்டி 3,794.27. மூன்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி.

"ரெண்டு நாளுக்கு எட்டாயிரமுங்களா?" என்றார் பட்டறைக்காரர். அவர் கோபப்பட்டது தாமதக் கட்டணத்தின் மேல். நான் விரல் வைத்தது வட்டி வரியின் மேல்.

இரண்டு நாள் தாமதத்துக்கு இரண்டு நாள் வட்டிதானே வர வேண்டும் என்று தோன்றும். கிரெடிட் கார்டில் அப்படி இல்லை. வாங்கிய நாளிலிருந்து டியூ தேதி வரை வட்டி இல்லாமல் கிடைக்கும் காலம், முழு பில்லையும் டியூ தேதிக்குள் கட்டுவோம் என்ற நிபந்தனையோடு தரப்படுவது. நிபந்தனை முறிந்தால் அந்தச் சலுகையே எடுபட்டுப்போகும். ஒவ்வொரு பொருளுக்கும் அது வாங்கிய தேதியிலிருந்து வட்டி கணக்கிடுவார்கள்.

இந்தக் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. இயந்திரம் வாங்கியது ஆகஸ்ட் 22. அதிலிருந்து அக்டோபர் 6 வரை 45 நாள். பேக்கிங் சாமானுக்கு செப்டம்பர் 3லிருந்து 33 நாள். வீட்டுச் செலவுக்கு செப்டம்பர் 12லிருந்து 24 நாள். 20,000 கட்டிய பிறகு மீதி 64,600க்கு இன்னும் ஒரு நாள். ஒவ்வொரு தொகையையும் அதன் நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 32,97,400 வரும். அதை 0.42ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 3,794.27. ஸ்டேட்மென்டில் உள்ள எண்ணோடு பைசா சுத்தமாகப் பொருந்தியது. இயந்திரத்துக்கான வட்டி மட்டுமே சுமார் 2,485 ரூபாய்.

ஞாயிறு நள்ளிரவு வரை இந்த வட்டி பூஜ்யம். திங்கள் பிறந்ததும் அது மூவாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். அதன் பிறகு நாளுக்கு எண்பது தொண்ணூறு. செங்குத்தாக ஒரே ஒரு படி, அப்புறம் சமதரை. ஞாயிறன்று கைமாற்று வாங்குவதும் திங்களன்று வாங்குவதும் வெவ்வேறு என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். மூன்று நாள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இந்தப் படியைத்தான்.

முறையீடு

தாமதக் கட்டணத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டோம். உதவி எண்ணில் பேசியவர், ஆட்டோபே தோற்றால் தாமதக் கட்டணம் தானாக விழும் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சை வளர்க்காமல் புகார் எண் வாங்கிக்கொண்டு, கார்டு வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதினோம். கடிதம் சின்னது. டியூ தேதி இது, 6ஆம் தேதி மினிமம் டியூவுக்கு மேல் இவ்வளவு கட்டினோம், 7ஆம் தேதி மீதி முழுவதும் கட்டினோம், பரிவர்த்தனை எண்கள் இவை, நிலுவை மூன்று நாளைத் தாண்டவில்லை, எனவே ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி இந்தக் கட்டணம் பொருந்தாது. வருத்தம், வேண்டுகோள், ஒன்றரை வருடமாக ஒழுங்காகக் கட்டிய பெருமை எல்லாவற்றையும் முதல் வரைவிலிருந்து வெட்டிவிட்டோம். அவை இருந்தால் கருணை மனுவாகப் படிப்பார்கள்.

அக்டோபர் மாதத்துக்குள்ளேயே 1,200 ரூபாயும் அதன் ஜிஎஸ்டி 216 ரூபாயும் திரும்ப வரவாயின. முப்பது நாளில் பதில் வராமலோ மறுத்தோ இருந்தால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்துக்குப் போகலாம் என்று தயாராக இருந்தோம், தேவைப்படவில்லை.

வட்டியைக் குறைக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் தனிப் பத்தியாகக் கேட்டிருந்தோம். விதி நம் பக்கம் இல்லை, அதனால் அதை உரிமையாகக் கேட்காமல் வாடிக்கையாளர் என்ற முறையில் கேட்டோம். மறுத்துவிட்டார்கள். மேண்டேட் திரும்பிய 1,692 பற்றி எனக்கு இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. வழிகாட்டுதலில் தாமதக் கட்டணத்தோடு அது சார்ந்த பிற கட்டணங்கள் என்றும் ஒரு சொல் வருகிறது. மேண்டேட் திரும்பியது தாமதம் சார்ந்ததா, தனி நிகழ்வா? தனி நிகழ்வு என்பது வங்கியின் வாதம். வாதாட இடம் இருப்பதாக நினைக்கிறேன். ஆனால் தீபாவளி வேலை தலைக்கு மேல் இருந்தது. அதைத் தொடர அவர்கள் விரும்பவில்லை.

திரும்ப வந்தது 1,416 போக, சேமிப்பு வங்கி எடுத்த 590ஐயும் சேர்த்தால், இந்த நிகழ்வுக்கு அவர்கள் கொடுத்தது ரூ. 7,063.80. பதறிக் கோபப்பட்ட தாமதக் கட்டணம் கார்டு வங்கி போட்ட மூன்று கட்டணங்களிலும் சிறியது. திரும்பக் கிடைத்ததும் அது மட்டும்தான்.

டிசம்பரில் கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அக்டோபர் கட்டத்தில் தாமத நாள் எதுவும் பதிவாகவில்லை. 6ஆம் தேதி கட்டிய இருபதாயிரமும் 7ஆம் தேதி கட்டிய மீதியும் அங்கே பலன் கொடுத்திருக்கின்றன.

மாற்றியிருப்பவை

ஆட்டோபேயை எடுத்துவிடலாம் என்றுதான் பட்டறைக்காரர் முதலில் சொன்னார். அதற்கு மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோபே இல்லையென்றால் நாம் மறந்துபோகும் மாதங்கள் இதைவிட அதிகமாக இருக்கும் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அனுமதியை வைத்துக்கொண்டு அது விழும் நாளை மாற்றினோம். கிரெடிட் கார்டின் பில் சுழற்சியை வாடிக்கையாளர் ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி இடம் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. ஆப்பிலேயே அந்த வசதி இருந்தது. வியாபாரியின் காசோலை முதல் வாரத்தில் வருவதால் டியூ தேதி 12ஆம் தேதி வாக்கில் விழும்படி மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய மாதத்தின் பில் வழக்கத்தைவிட நீண்ட காலத்துக்கு வந்தது. அதை முன்பே எதிர்பார்த்து அந்த மாதம் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, பில் வந்த அன்றே மனைவி அந்தத் தொகையைப் பேரேட்டில் சிவப்பு மையில் எழுதிவைக்கிறார். டியூ தேதிக்கு முந்தைய மாலை ஆப்பில் Available Balance வரியை மட்டும் பார்க்கிறார். தொகை போதவில்லை என்றால் குறைவதை அந்த மாலையே யாரிடமாவது வாங்கிக் கணக்கில் போட வேண்டும். மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் மேண்டேட் காலையிலேயே வந்து போயிருக்கலாம். இதற்குப் பதிலாகக் கார்டில் நேரடியாக முன்கூட்டியே கட்டிவிடலாமே என்று யோசித்தோம். கார்டு வங்கியைக் கேட்டதில், மேண்டேட் பட்டியல் டியூ தேதிக்கு இரண்டு நாள் முன்பே தயாராகிவிடும், அதற்குப் பிறகு கையால் கட்டினாலும் மேண்டேட் தன் போக்கில் முழுத் தொகைக்கு வரும் என்றார்கள். ஆகவே கடைசி இரண்டு நாளில் குறைவைச் சேமிப்புக் கணக்கில்தான் நிரப்ப வேண்டும், கார்டில் கட்டக் கூடாது. மேண்டேட் திரும்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகு நிலைமை நேர்மாறு. அன்று நள்ளிரவுக்குள் கார்டில் நேரடியாகக் கட்ட வேண்டும், சேமிப்புக் கணக்கில் பணத்தை வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, பெரிய காசோலைகளுக்குப் பதில் நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பும்படி வியாபாரியைக் கேட்டார்கள். அவர் பழைய ஆள். காசோலைக் கட்டையில் இருக்கும் அடிச்சீட்டுதான் அவருக்குக் கணக்கு. அடுத்த மாதமும் காசோலைதான் வந்தது. ஆனால் மாதத்தின் 3ஆம் தேதியே கொடுத்துவிட்டார்.